துண்டு எங்கே?

எங்கள் வீட்டு பாத்ரூம் நாலுக்கு ஏழு. அடிக்கணக்கு ஸார், மீட்டர் இல்லை! அந்த நாலுக்கு ஏழுக்குள்தான் கமோடு, குழாய், பக்கெட், கொடி, சோப்பு டப்பா, தலைக்கு மேலே கீஸர். இத்தனைக்கும் நடுவே ஒரு மனிதன் நின்று குளிக்கவும் வேண்டும். எர்ணாவூரில் இதுவே பெரிய பாத்ரூம் என்று பக்கத்து வீட்டுக்காரர் பொறாமைப்படுகிறார்.

இதைப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் இரண்டு காரணத்தால் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் கலந்து எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது நினைவிருக்கும். எங்களுடையது தரை வீடு. தண்ணீர் வடிந்தது. டைல்ஸ் இடுக்கில் ஏறிய கறுப்பு மட்டும் வடியவே இல்லை. எத்தனை முறை தேய்த்தாலும் சிமெண்ட் இடுக்கு உறிஞ்சிக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது காரணம் அம்மா. போன ஆடி மாசம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த பிறகும் ஒரு விஷயம் சரியாகவில்லை. ராத்திரி தலைமாட்டில் வைக்கும் தண்ணீர் சொம்பு காலையில் அப்படியே நிறைந்திருக்கும். கேட்டால், "தாகமே எடுக்கலைப்பா" என்பார். என் மனைவிதான் கண்டுபிடித்துச் சொன்னாள்: "தாகம் எடுக்காம இல்லைங்க. தண்ணி குடிச்சா நடுராத்திரி பாத்ரூம் போகணுமே, அதுக்கு பயம்."

பி.பி. மாத்திரை சாப்பிடும் அறுபத்தெட்டு வயசு அம்மா, ஈரத் தரைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் படுக்கிறார். அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்கு ஒரு யோசனை. "கண்ணாடித் தடுப்பு போட்டுடுங்க, ஸ்டார் ஹோட்டல் மாதிரி இருக்கும்" என்றார் எதிர் ஸீட்காரர். அவர் வீட்டில் போட்டிருக்கிறார். 8 மில்லிமீட்டர் கனம், டஃபன்டு கண்ணாடி. பார்க்கப் போனேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதவு திறக்க மட்டும் இரண்டடி வேண்டும். எங்கள் பாத்ரூமில் அந்தக் கதவைத் திறந்தால் கமோடு மேல் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். தவிர, போர் தண்ணீர் உப்பு கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும். தினமும் குளித்ததும் ரப்பர் பட்டையால் வழித்துவிடுவாராம். நான் 8.10-க்கு விம்கோ நகரில் ரயில் பிடிக்கிறவன். கண்ணாடி துடைத்தால் 8.40 தான்!

காசைக் கொட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. தரை ஈரமாகிறது, ஈரமாகிறது என்கிறோமே... எங்கே ஈரமாகிறது? யாரால்? எப்படி?

சிரிக்காதீர்கள். பழைய பேப்பரை எடுத்தேன். பாத்ரூமின் கடைசி மூன்றடி குளிக்கிற இடம். கதவிலிருந்து அதுவரை உள்ள நாலடியில் கமோடு, நடக்கிற வழி. அந்த நாலடிக்குப் பேப்பர் பரப்பி, ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் போட்டேன். கதவு ஓரம் ஒன்று. குளிக்கிற இடத்தை ஒட்டி நாலு. ஒவ்வொருவர் குளித்ததும் எந்த நம்பர் நனைந்தது என்று குறித்துக்கொண்டேன். ஆறாவது படிக்கும் என் பெண்ணுக்கு ஒரே குஷி, தினமும் பரீட்சை மார்க் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். (மனைவி குளித்துவிட்டு வந்து, "நான் பாஸா, ஃபெயிலா?" என்றாள்.)

முதல் நாள் ரிசல்ட். நாலாம் நம்பர் தொப்பல். மூன்றாவது பாதி. அதாவது தெறிப்பு ஒன்றரை அடிக்கு மேல் வரவில்லை. இரண்டாவதில் தெறிப்பே இல்லை, சொட்டுச் சொட்டாகக் கால் தடம். ஒன்றாம் நம்பர் மறுபடி தொப்பல்! குளிக்கிற இடத்திலிருந்து மூன்றடி தள்ளி, கதவோரம் எப்படி இத்தனை தண்ணீர்?

அண்ணாந்து பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஆணி. ஆணியில் துண்டு.

நாலு பேரும் குளித்து முடித்து, சொட்டச் சொட்ட நடந்து கதவோரம் வந்து, அங்கே நின்று துவட்டுகிறோம். உடம்பிலும் தலைமுடியிலும் இருக்கிற தண்ணீர் முழுக்க, காய்ந்திருக்க வேண்டிய இடத்தில்தான் இறங்குகிறது. அம்மா விழுந்ததும் அங்கேதான், கதவுக்கு ஓரடி உள்ளே.

இரண்டாம் நாள் ஆணியை விட்டுவிட்டு, குளிக்கிற இடத்தின் எல்லையில், நின்ற இடத்திலிருந்தே கை எட்டும்படி ஒரு கயிறு கட்டித் துண்டைத் தொங்கவிட்டேன். குளித்த இடத்திலேயே துவட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஒன்றும் இரண்டும் காய்ந்தே கிடந்தன. செலவு: கயிறு.

மூன்றாம் நாள் அதே எல்லையில் குறுக்கே இன்னொரு கயிறு கட்டி, சாப்பாட்டு மேஜைக்குப் போடும் பழைய பிளாஸ்டிக் விரிப்பைத் திரை மாதிரி தொங்கவிட்டேன். மூன்றாம் நம்பர் காய்ந்தது. நாலாவதில் ஓரம் மட்டும் ஈரம். அது ஏன் என்று பார்த்தால், பக்கெட்டின் விளிம்பு திரைக்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. நம்மூரில் ஷவர் இருந்தாலும் பக்கெட், மக்குதான். மக்கில் மொண்டு ஊற்றும்போது தலையிலிருந்து தெறிப்பதைவிட, தரையிலும் பக்கெட் விளிம்பிலும் பட்டு முழங்காலுக்குக் கீழே சிதறுவதுதான் அதிகம். பக்கெட்டைச் சுவரோரம் தள்ளினேன். நாலும் பாஸ்.

ஆக, கண்ணாடி வேண்டாம், திரை போதும். துண்டுக்கு இடம் கதவோரம் இல்லை, எல்லையில். இரண்டையும் பேப்பர்தான் முடிவு செய்தது. மீதி இருந்தது தரை.

டைல்ஸ் மேஸ்திரி வந்தார். ஒரு சுற்றுப் பார்த்தார். "இன்னாத்துக்கு ஸார் ஒடைக்கணும்? பழைய டைல்ஸ் மேலேயே கம் போட்டு ஒட்டிரலாம். ரெண்டே நாள்."

நல்ல பசையாக இருந்தால் அப்படி ஒட்டலாம், தப்பில்லை. ஆனால் டைல்ஸை மாற்றலாம், சரிவை மாற்ற முடியாது. எங்கள் பழைய தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப், குளிக்கிற மூலையில் இல்லை; கமோடு பக்கத்தில், நடக்கிற வழியில் இருந்தது. குளித்த தண்ணீர் அத்தனையும் நடக்கிற வழியைக் கடந்துதான் டிராப்பைச் சேர வேண்டும். எத்தனை சொரசொரப்பான டைல்ஸ் போட்டாலும், அதன் மேல் சோப்புத் தண்ணீர் தினம் நாலு தடவை ஓடினால் என்ன பிரயோஜனம்? தவிர, மேலேயே ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயர்ந்து, ரூம் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்கும்.

"ஒடைச்சிரலாம் மேஸ்திரி" என்றேன். டிராப்பைப் பின்சுவர் மூலைக்கு மாற்றினோம். அந்தச் சுவருக்கு வெளியேதான் சாக்கடைக் குழாய் என்பதால் எளிதாகப் போயிற்று. தரை வீடு என்பதால் சாத்தியமான விஷயம் இது. மாடி ஃப்ளாட்டில் இருப்பவர்கள், தளத்துக்கு அடியில் குழாய்க்குப் பள்ளம் விட்டிருக்கிறதா என்று பார்க்காமல் டிராப்பை நகர்த்தக் கிளம்பாதீர்கள். கீழ் வீட்டுக்காரர் குடையோடு வருவார்!

சரிவுக்குக் கணக்கு சின்னது. குளிக்கிற மூன்றடிக்கு, அடிக்குக் கால் அங்குலம்: மொத்தம் முக்கால். நடக்கிற நாலடிக்கு, அடிக்கு அரைக்கால் அங்குலம்: மொத்தம் அரை. ஆக கதவோரத்துக்கும் டிராப்புக்கும் ஒன்றேகால் அங்குல வித்தியாசம். இதற்கு மேல் சரித்தால் வயசானவர்கள் நடக்கும்போது தடுமாறும். குறைத்தால் தண்ணீர் நடுவில் உட்கார்ந்து யோசிக்கும். நடுவில் படியோ திண்டோ வைக்கவில்லை. தண்ணீரை நிறுத்த மூன்று அங்குலத் திண்டு கட்டித் தருவதாக மேஸ்திரி சொன்னார். நிறுத்தும்தான், அம்மா காலையும் சேர்த்து! அதற்குப் பதில் எல்லையில் கறுப்பு கிரானைட் பட்டி ஒன்று, தரை மட்டத்துக்கே. இதற்கு அப்பால் ஈரம் என்று கண்ணுக்குத் தெரிய.

உடைத்த தரையில் நீர்க்கசிவுத் தடுப்பு இரண்டு கோட், சுவரிலும் அரையடி ஏற்றிப் பூசி, டிராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டோம். கட்டிய அளவு அப்படியே நின்றால்தான் டைல்ஸ். இந்த இரண்டு நாளும் எதிர் வீட்டு பாத்ரூமுக்கு அகதிகளாகப் போனோம்.

இப்போது டைல்ஸ் கடை. திருவொற்றியூர் ஹை ரோட்டில் ஒரு கடை. விற்பனைப் பையன் எடுத்த எடுப்பில் இரண்டுக்கு இரண்டு பளபளா டைல்ஸைக் காட்டினான். பாத்ரூமுக்கு என்றதும், "மேட் ஃபினிஷ் ஸார், வழுக்கவே வழுக்காது" என்று இன்னொன்று. தொட்டுப் பார்த்தால் நிஜமாகவே வழுக்கவில்லை. காய்ந்த டைல்ஸ் எதுதான் வழுக்கும்?

பளபளப்பு இல்லாததெல்லாம் வழுக்காதது என்று அர்த்தமில்லை. வழுக்குமா என்று சோதிக்க ஜெர்மனிக்காரர்கள் இரண்டு பரிட்சை வைத்திருக்கிறார்கள். ஒன்றில், எண்ணெய் தடவிய சாய்பலகையில் பூட்ஸ் போட்ட ஆளை நடக்கவிட்டு, பலகையைச் சாய்த்துக்கொண்டே போவார்கள். எத்தனை டிகிரியில் சறுக்குகிறாரோ அதற்குத் தக்க ஆர்-9 முதல் ஆர்-13 வரை மார்க். கேட்லாக்கில் பெரும்பாலும் இருப்பது இந்த 'ஆர்' நம்பர். எண்ணெய் வெள்ளம் பார்த்த எர்ணாவூருக்கு இதுவும் பொருத்தம்தான்! ஆனால் யாரும் பூட்ஸ் போட்டுக் குளிப்பதில்லை. நமக்கு வேண்டியது இரண்டாவது பரிட்சை: சோப்புத் தண்ணீர் ஓடும் பலகையில் வெறுங்கால். 12 டிகிரி தாங்கினால் ஏ, 18 தாங்கினால் பி, 24 தாங்கினால் ஸி. நம் பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். இங்கே ஸி-தான் ஃபர்ஸ்ட் ராங்க். குளிக்கிற இடத்துக்கு பி இருந்தால் நல்லது.

பையனிடம் கேட்டேன். "ஏ, பி, ஸி-யா? அதெல்லாம் பெட்டியில போட மாட்டாங்க ஸார்." கம்பெனியின் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கினால் சில சமயம் இருக்கும். இல்லாவிட்டால் நாமே ஜெர்மன்காரர் ஆக வேண்டியதுதான். ஒரு மக்கு தண்ணீர், கொஞ்சம் ஷாம்பூ கேட்டேன்.

"கடையிலேயே குளிக்கப் போறீங்களா ஸார்?"

சாம்பிள் டைல்ஸைத் தரையில் வைத்து, ஷாம்பூ தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றி, குதிகாலால் அழுத்தித் தள்ளிப் பார்த்தேன். 'வழுக்கவே வழுக்காத' மேட், வெண்ணெய் மாதிரி போயிற்று. பக்கத்தில், மேலே மணல் தூவினாற்போல் இருந்த இன்னொன்று குதிகாலைப் பிடித்தது. ரொம்ப முரடாக இருப்பதும் ஆபத்து. மேடு பள்ளத்தில் சோப்பு அழுக்கு தங்கிப் பாசி பிடித்தால், அதுவே வழுக்கும். அதற்கும் ஒரு சோதனை: பென்சிலால் கிறுக்கி, ஈரத் துணியால் துடைத்துப் பார்ப்பது. நாலு தேய்ப்பில் போக வேண்டும். எட்டு சாம்பிளில் இரண்டு பரிட்சையிலும் தேறியது ஒன்றே ஒன்று. சாம்பல் நிறம். மனைவிக்கு நிறம் பிடிக்கவில்லை. குதிகால் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு, "சுவருக்காவது நான் சொல்ற கலர்" என்றாள். ஒப்பந்தம் கையெழுத்தானது.

அளவு ஒன்றுக்கு ஒன்று. பெரிய டைல்ஸில் இடுக்கு குறைவு, இடம் பெரிசாகத் தெரியும் என்பார்கள். ஹாலுக்குச் சரி. ஆனால் மூலையில் உள்ள டிராப்பை நோக்கித் தரை இரண்டு பக்கமாகச் சரியும் இடத்தில், இரண்டடி டைல்ஸ் வளைந்து கொடுக்காது. குறுக்கே வெட்டி ஒட்ட வேண்டும், இல்லை நடுவில் தண்ணீர் தேங்கும். சின்ன டைல்ஸ் சரிவுக்கேற்ப உட்காரும். இடுக்கு அதிகம் என்பதும் நல்லதுக்கே, காலுக்கு அதுவும் ஒரு பிடிமானம். இருபத்தெட்டு சதுர அடிக்கு, வெட்டுச் சேதம் சேர்த்து முப்பத்திரண்டு டைல்ஸ்.

இடுக்குக்குச் சிமெண்ட் வேண்டாம், எபாக்ஸி என்று பிடிவாதமாக நின்றேன். விலை ஜாஸ்தி. ஆனால் தண்ணீரையும் உறிஞ்சாது, எண்ணெய்யையும் உறிஞ்சாது. போட்ட உடனே டைல்ஸ் மேல் படிந்ததைத் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் மேஸ்திரியின் பரம்பரைக்கே வராது. பக்கத்திலேயே நின்று துடைக்க வைத்தேன். "ஸார் ஆபீஸ் போலியா?" என்று மூன்று தடவை கேட்டார்.

டைல்ஸ் ஒட்டி முடிந்ததும் இரண்டு பரிசோதனை. நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனால், அடியில் கலவை நிறையாத டைல்ஸ் 'டொக்' என்று தனிக் குரலில் பேசும். மூன்று பேசின. பெயர்த்து மறுபடி ஒட்டினார். அடுத்து ஒரு பக்கெட் தண்ணீரைக் கதவோரத்திலிருந்து ஊற்றிப் பார்த்தேன். எங்கேயும் நிற்காமல் மூலைக்குப் போயிற்று. அதற்கு முன்பே என் பெண் கோலி ஒன்றை உருட்டிவிட்டு ரிசல்ட் சொல்லிவிட்டாள்.

கம்பி, கொக்கி விஷயத்தில் எர்ணாவூர் தனி ரகம். கடல் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிரும் ஊர். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவே பிடிக்காது' என்று தருவதில் மலிவானது 202 என்ற ரகம். உப்புக் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டினால் காவிப் புள்ளி விழும். காந்தம் ஒட்டவில்லை என்றால் அசல் என்று கடைக்காரர் நிரூபித்துக் காட்டுவார். நம்பாதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, உசத்தியான 304-லும் ஒட்டாது. கடலோரத்துக்கு மாலிப்டினம் சேர்த்த 316 தான் சரி. விலை உறுத்தும். அதனால் ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் 316 வாங்கினேன்: அம்மா பிடித்துக்கொள்ளும் கைப்பிடி.

திரைக்குக் கம்பியே இல்லை. ஒன்றேகால் அங்குல பி.வி.ஸி. பைப், நாலடி! மனைவி, "பைப்பா?" என்றாள். துருப்பிடிக்கச் சொல்லு பார்ப்போம் என்றேன். திரை தரையிலிருந்து இரண்டு அங்குலம் மேலே நிற்கிறது. தரையைத் தொட்டால் ஓரம் பாசி பிடித்துவிடும். பட்டிக்கு உட்புறமாகத் தொங்குவதால், வழியும் தண்ணீர் ஈரப் பக்கமே விழுகிறது.

துண்டுக்கு எல்லையில் கம்பி போடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் அம்மா கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்புவதைப் பார்த்தேன். சறுக்கும்போது கை எதைத் தேடும்? பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை. துண்டுக் கம்பியின் இரண்டு ஸ்க்ரூ துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்காது. அதனால் கை போகிற உயரத்தில், தரையிலிருந்து சுமார் மூன்றடியில், செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டுக் கைப்பிடி. துண்டுக்கு அதற்கும் மேலே, ஐந்தடி உயரத்தில் நைலான் கொக்கி நாலு. கைப்பிடியில் துண்டு போடக் கூடாது. ஈரத் துணியோடு பிடித்தால் கை நழுவும். துளை போட்ட இடத்திலெல்லாம் ஸிலிக்கான் நிரப்பிவிட்டுத்தான் போல்ட்.

நாலு கொக்கியும் நாலு துண்டைக் குளிக்கிற நேரத்துக்கு மட்டும் தாங்கும். குளித்ததும் துண்டு மொட்டை மாடிக் கொடிக்குப் போக வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் பாத்ரூமுக்குள் துண்டு காயாது. மூன்றாம் நாள் நாறும். பூத்துவாலையை விட்டுவிட்டு ஈரிழைத் துண்டுக்கு மாறிவிட்டோம். மெல்லிசு, அதனால் மழை நாளில்கூட மின்விசிறிக்கு அடியில் சீக்கிரம் உலர்ந்துவிடும். மாற்றுத் துண்டுகளுக்கு பாத்ரூம் கதவுக்கு வெளியே, தலைக்கு மேலே ஒரு அலமாரிப் பலகை. சுருட்டி அடுக்கினால் ஓரடிக்குள் எட்டு.

இப்போது ஒரே சண்டை ஆசிட். வேலை செய்ய வரும் அம்மாவுக்கு, ஆசிட் ஊற்றிப் புகை கிளம்பினால்தான் கழுவின திருப்தி. அந்தப் புகை 316 கைப்பிடியைக்கூட அரிக்கும். பாட்டிலைப் பரணில் ஒளித்துவைத்து, உப்புக் கறைக்கு வினிகர் கொடுத்தோம். "ஊறுகாயா போடப் போறீங்க?" என்று கேட்டார்.

வேலை முடிந்து பத்து நாள் கழித்து, காலையில் அம்மாவின் சொம்பை எடுத்தேன். கால்வாசிதான் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை, நிரப்பி வைத்தேன்.

முப்பத்திரண்டில் மூன்று டைல்ஸ் மிஞ்சின. பின்னால் ஒன்று உடைந்தால் இதே சாம்பல் கிடைக்காது என்று கட்டிலுக்கு அடியில் பத்திரப்படுத்தினேன். நேற்றுப் பார்த்தால் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது சமையலறையில், சூடான குக்கருக்கு அடியில்!